பொருள்: புடவைக் கடையின் நடப்புக் கணக்கு முடக்கப்பட்டது குறித்து

கிளை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். புறக்கோட்டையில் புடவை மொத்த வியாபாரம் செய்யும் எனது நடப்புக் கணக்கை உங்கள் வங்கி முடக்கி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. காரணம் கேட்டால், "மேலிடத்து உத்தரவு" என்பதற்கு மேல் கவுண்டரில் ஒரு சொல் வரவில்லை.

என்ன நடந்தது என்பதைப் பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கப் போன இடத்தில்தான் அறிந்தேன். போனில் பேசிய ஒருவர் 1,85,000 ரூபாவுக்குச் சாரி ஓர்டர் கொடுத்து, "காசு கணக்குக்கு வரும்" என்றார். வந்தது. ஆனால் அவர் பெயரில் அல்ல. 5,000, 12,500, 20,000 என்று, கிரிக்கெட் போட்டி நடந்த இரவில், வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தது. சட்டவிரோத பெட்டிங் கும்பல், பந்தயம் கட்டுபவர்களிடம் "இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று என் கணக்கு இலக்கத்தைக் கொடுத்திருக்கிறது. பந்தயக் காசு என்னிடம் வந்தது, சாரி அவர்களிடம் போய்விட்டது. சரக்கை விற்றுவிட்டால் அவர்கள் கையில் இருப்பது வெறும் வியாபாரக் காசுதானே! பட்டியல், லொறிக்காரர் கையெழுத்திட்ட சீட்டு, வட்ஸ்அப் உரையாடல் எல்லாம் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படியான வரவைக் கண்டால் வங்கி சந்தேக அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதும், அதை எனக்குச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். அதை நான் கேட்கவில்லை. முடக்கியது யார் என்றுதான் கேட்கிறேன். நீங்களாகவே நிறுத்தினீர்களா, மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு பணித்ததா, அல்லது பொலிஸ் உத்தரவா? 2006 ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டப்படி பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலுள்ள அதிகாரி இடும் முடக்கல் உத்தரவு ஏழு நாட்களுக்குத்தான். அதற்குமேல் நீடிக்க மேல் நீதிமன்றம் போக வேண்டும். நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் இலக்கத்தைத் தாருங்கள், என் சட்டத்தரணி அங்கே பேசுவார். இல்லையென்றால் எதை வைத்து இன்னும் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?

அந்த 1,85,000 ரூபாவை விசாரணை முடியும்வரை தனியே நிறுத்தி வையுங்கள், ஆட்சேபனை இல்லை. ஆனால் மிச்சமெல்லாம் பல வருட வாடிக்கையாளர்களின் காசு. கடைப் பொடியன்மாருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. நான் கொடுத்த காசோலைகள் திரும்பி வருகின்றன. புறக்கோட்டையில் காசோலை திரும்பினால் அடுத்த நாள் யாரும் கடனுக்குச் சரக்குத் தரமாட்டார்கள்.

ஆகவே முடக்கத்தின் அடிப்படை, திகதி, உத்தரவிட்ட அதிகாரம் ஆகியவற்றை எழுத்தில் தாருங்கள். தடுக்கச் சட்டக் காரணம் இல்லாத மீதியை உடனே விடுவியுங்கள். பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
நடப்புக் கணக்கு வாடிக்கையாளர்,
கொழும்பு 11