குழந்தை இறங்கவில்லை அக்கா, நஞ்சுதான் கீழே ஒட்டியிருக்கிறது

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை. "குழந்தை கீழ இறங்கிடுச்சாம், டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்று அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறார். ஸ்கேன் அறைக்கு வெளியே நின்று காதில் விழுந்ததை, தனக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்லிவிட்டார். கீழே இருப்பது குழந்தை இல்லை அக்கா, நஞ்சு, அதாவது டாக்டர்கள் பிளசன்டா என்கிற நஞ்சுக்கொடி. போனில் பாதி நீ பேசுகிறாய், பாதி நான் அழுகிறேன், எதுவும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 25 அன்று, இருபது வாரமும் மூன்று நாளும் ஆனபோது, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி அனாமலி ஸ்கேன் எடுத்தோம். குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிற ஸ்கேன் இது. முக்கால் மணி நேரம் ஆனது. தலை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், வயிறு, இரண்டு சிறுநீரகம், கை, கால் எல்லாம் இந்த வாரத்துக்கு இருக்க வேண்டியபடி இருக்கின்றன. தொடை எலும்பு 33 மில்லிமீட்டர். எடை சுமார் 340 கிராம். உதடு தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்ப மாட்டேன் என்று அடம் பிடித்ததால், என்னைக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டாம் முறை திரும்பியது. பார்த்தவுடனே எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. ஸ்கேனில் எல்லாமே தெரிந்துவிடாது, சில இதயக் கோளாறுகள் பிந்தித்தான் தெரியும் என்றும் அந்த டாக்டரே சொன்னார். தெரிந்த வரைக்கும் குறையில்லை.

ஆணா பெண்ணா என்று நீ மூன்று தடவை கேட்டாய். உன் ஊரில் கேட்டால் சொல்வார்கள். இங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. ஸ்கேனுக்கு முன்னால் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் நம் சேலத்தில்தான் தொடங்கியது. அது ஏன் இங்கே தேவைப்பட்டது என்பதை நம் பாட்டி காலத்துக் கதைகள் கேட்டு வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்தை மனசாரத்தான் போட்டேன்.

இனி நஞ்சு விஷயம்.

கர்ப்பப்பையை நம் ஏற்காட்டுப் பேரிக்காய் மாதிரி நினைத்துக்கொள். காம்புப் பக்கம் கீழே வருகிற மாதிரி பிடித்தால், அந்தக் குறுகிய முனைதான் கர்ப்பப்பை வாய். குழந்தை வெளியே வருகிற வழி அது. நஞ்சு என்பது குழந்தைக்கு என் ரத்தத்திலிருந்து உணவும் காற்றும் எடுத்துக் கொடுக்கிற தட்டையான உறுப்பு. அது கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டி வளரும். பெரும்பாலும் மேல் பகுதியில் ஒட்டும். எனக்கு முன்பக்கச் சுவரில், கீழே தள்ளி ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான். குழந்தை அதன் இடத்தில் மிதந்துகொண்டு, எட்டி உதைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அம்மா கேட்டது இரண்டு பேச்சில் முதல் பேச்சை மட்டும். முதலில் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தபோது, நஞ்சு வாயை மூடிக்கொண்டிருப்பது போலத் திரையில் தெரிந்தது. டாக்டர் உதவியாளரிடம் "பிளசன்டா கீழ இருக்கு, வாயை மூடுற மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கை சில்லிட்டுப் போனது. வெளியே அம்மா அதைக் கேட்டதுமே பிள்ளையாருக்கு வேண்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டார். ஆனால் டாக்டர் அதோடு விடவில்லை. நான் காலையிலிருந்து மூன்று பாட்டில் தண்ணீர் குடித்திருந்தேன். மூத்திரப்பை நிரம்பியிருந்தால் அது கர்ப்பப்பையின் கீழ்ப்பக்கத்தை முன்னும் பின்னுமாகச் சேர்த்து அழுத்தும். இரண்டு சுவரும் ஒட்டி நின்று, வாய் மேலே இருப்பது போலக் காட்டும். அப்போது நஞ்சு உள்ளதைவிடக் கீழே இருப்பதாகத் தோன்றும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, பிறகு உள்வழியாக ஒரு மெல்லிய கருவியை வைத்துப் பார்த்தார். நஞ்சில் ரத்தம் வருமோ என்று நான் பயந்தேன். கருவி வாயைத் தொடுவதில்லை, தள்ளி நின்றே பார்க்கிறது, இதுதான் சரியாக அளக்கிற வழி என்று பொறுமையாகச் சொன்னார். வலிக்கவும் இல்லை.

அப்படி அளந்ததில், நஞ்சின் கீழ் விளிம்புக்கும் வாயின் உள் துளைக்கும் நடுவில் 14 மில்லிமீட்டர் இருந்தது. வாயை மூடவில்லை. ஆனால் 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அதைக் கீழே இருப்பதாகத்தான் எழுத வேண்டும். அதனால் அறிக்கையில் "தாழ்ந்த நஞ்சு" என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். நான் போட்டோ எடுத்து அனுப்பியதில் நீ பார்த்துப் பயந்த வரி அதுதான். இன்னொன்றையும் அப்போதே பார்த்தார்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற கலர் டாப்ளர் போட்டு, வாயின் மேல் குழந்தையின் ரத்தக்குழாய் ஏதாவது குறுக்கே ஓடுகிறதா என்று தேடினார்கள். அப்படி ஓடினால் பனிக்குடம் உடையும்போது அது கிழிந்து, குழந்தையின் ரத்தமே போய்விடும். இல்லை என்றார்கள். தொப்புள்கொடி நஞ்சின் நடுப்பகுதியில்தான் சேர்ந்திருக்கிறது. அறிக்கையில் இந்த வரிதான் எனக்குப் பெரிய ஆறுதல். நீ அதைக் கவனித்தாயா?

"இதுக்கு என்ன மருந்து?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மருந்து எதுவும் இல்லை. காலம்தான். இருபது வாரத்தில் இப்படித் தாழ்ந்திருப்பதில் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது போல, பிரசவத்துக்குள் மேலே போய்விடும். நஞ்சு நத்தை மாதிரி ஊர்ந்து போவதில்லை. ஊதாத பலூனின் வாய்ப்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஊதிப் பார். புள்ளி ஒட்டிய இடத்திலேயேதான் இருக்கும், ஆனால் வாயை விட்டுத் தள்ளிப் போயிருக்கும். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் நீளும். முதலிலேயே வாயை முழுசாக மூடியிருந்தாலோ, முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ அப்படித் தள்ளிப்போகும் வாய்ப்பு குறைவு. எனக்கு இரண்டும் இல்லை. பழைய சிசேரியன் தழும்பின் மேல் நஞ்சு ஒட்டினால் சுவருக்குள்ளேயே வேர்விட்டுப் போகிற ஆபத்தும் உண்டு. என் முதல் பிரசவம் சுகப்பிரசவமாக இருந்தது இதற்கும் நல்லதாகப் போயிற்று.

அடுத்த ஸ்கேன் முப்பத்திரண்டாவது வாரத்தில், நவம்பர் 14 வாக்கில். அப்போது 20 மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் விஷயம் முடிந்தது, சுகப்பிரசவத்துக்குத் தடை இல்லை. அப்போதும் தாழ்ந்தே இருந்தால் முப்பத்தாறாவது வாரத்தில் இன்னொரு தடவை. அதற்குப் பிறகும் வாயை ஒட்டியே நின்றால் சிசேரியன்தான். ஏனென்றால் கீழ்ப்பகுதி விரிந்து திறக்கும்போது அங்கே ஒட்டியிருக்கிற நஞ்சு பிய்த்துக்கொள்ளும்.

நான் கண் வைத்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்தால், அது கொஞ்சமாக இருந்தாலும், தானாக நின்றுவிட்டாலும், உடனே கிளம்ப வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக "நஞ்சு கீழ இருக்கு, உள்ளே விரல் வைத்துப் பார்க்காதீங்க" என்று சொல்லும்படி டாக்டர் சொன்னார். அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அறிக்கையோடு சேர்த்துப் பையில் வைத்திருக்கிறோம். ஸ்கேன் வரைக்கும் கணவன் மனைவி சேர வேண்டாம் என்றும் சொன்னார்.

அம்மா கட்டிலின் கால் பக்கம் செங்கல் வைக்கலாம் என்கிறார். பக்கத்து வீட்டு அத்தை படுத்த படுக்கையாக இருக்கச் சொல்கிறார். டாக்டரிடம் கேட்டேன். படுத்திருப்பதால் நஞ்சு மேலே போகாது, காலில் ரத்தம் உறைகிற தொல்லைதான் வரும், வீட்டு வேலை செய்யலாம், நடக்கலாம், பாரம் மட்டும் தூக்காதே என்றார். ஆனால் ஹீமோகுளோபின் 10.2 இருப்பதைத்தான் அவர் முகம் சுளித்துப் பார்த்தார். ரத்தம் போகக்கூடிய உடம்பில் ரத்தம் கையிருப்பு வேண்டும். இரும்பு மாத்திரையை எலுமிச்சம்பழச் சாற்றோடு எடுத்துக்கொள்கிறேன். காபித் தோட்டத்தில் இருந்துகொண்டு, மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குக் காபி பக்கமே போவதில்லை.

உண்மையில் எனக்குப் பயம் நஞ்சைப் பற்றி இல்லை அக்கா, ரோட்டைப் பற்றி. மலையிலிருந்து சேலம் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. பகலில் ஒரு மணி நேரம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோனதை நீயும் செய்தியில் பார்த்தாய். எனக்குக் கடைசி மாதங்கள் வருவதும் அதே மழைக்காலத்தில்தான். குப்பனூர் வழி இருக்கிறது, ஆனால் மழை இரவில் எதையும் நம்ப முடியாது. ரத்த வங்கியும் ஆபரேஷன் அறையும் மலைக்குக் கீழே இருக்கின்றன. டாக்டரும் முதலில் கேட்டது "எவ்வளவு தூரத்துல இருக்கீங்க?" என்பதைத்தான்.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். நவம்பர் ஸ்கேனில் மேலே போயிருந்தால் முப்பத்தேழாவது வாரம் வரை தோட்டத்திலேயே இருப்பேன். போகவில்லை என்றால் அன்றே அம்மா வீட்டில் தங்கிவிடுவேன், மலை ஏற மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு அப்போது காபிப் பழம் பறிக்கிற நேரம், லீவு கிடைக்காது. சின்னவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவர் தங்கையை வரச் சொல்லியிருக்கிறார். இதில்தான் அவருக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது.

நீ டிக்கெட்டை முன்னால் மாற்ற வேண்டாம். பிரசவத் தேதி ஜனவரி 9 வாக்கில்தான் வருகிறது. நீயும் மாமாவும் நினைத்திருந்தபடி பொங்கலுக்கே வாருங்கள். நவம்பர் ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் முதலில் உனக்குத்தான் போன் பண்ணுவேன், அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். அங்கே நடுராத்திரியாக இருக்கும். எடுத்துவிடு.

உன் தங்கை