நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்: பார்சல் லாரி உரிமையாளர்களுக்கு

ஐயா, வணக்கம்.

ஈரோட்டிலிருந்து டெல்லிக்குப் போன 100 மூட்டை மஞ்சள் விவகாரம் உங்கள் சங்கத்தில் பேசி முடித்தாயிற்று என்று கேள்விப்பட்டோம். மஞ்சள் வியாபாரிகளான எங்களுக்கு அது முடியவில்லை.

லோடு கிளம்பிய மறுநாள், முந்தைய லோடுக்கு வாங்கியவர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பியது. வேறு இரண்டு கடைகளுக்கும் அவர் பட்டுவாடாவை நிறுத்தியிருந்தார். அன்று காலை 11 மணிக்கே எல்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, டெலிவரி தர வேண்டாம் என்று புக்கிங் ஆபீசில் எழுதிக் கொடுக்கப்பட்டது. "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றார்கள்.

எந்தச் சட்டத்தில் இருக்கிறது அந்த ஆர்டர்? சரக்கு எங்கள் குடோனில் இருந்தவரை, பணம் வராமல் வெளியே விடமாட்டோம் என்று பிடித்து வைக்க முடிந்தது. நிபந்தனை எதுவும் வைக்காமல் உங்கள் லாரியில் ஏற்றியதும் அந்தப் பிடி போய்விடுகிறது. வாங்கியவர் நொடித்தால் வழியில் நிறுத்தும் உரிமைதான் எங்களுக்கு மிச்சம். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 52: விற்றவர் நோட்டீஸ் தந்தால் சரக்கை அவரிடமோ அவர் சொல்லும் இடத்திலோ நீங்கள் திருப்பித் தர வேண்டும், அதன் செலவு விற்றவருடையது. நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டியதும் இல்லை. வியாபாரத்தில் வழக்கமாகக் கட்டும் கடன்களைக் கட்டாமல் நின்றாலே போதும்.

இனி டெல்லியில் நடந்தது. லாரி போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் உங்கள் குடோனுக்குப் போன் செய்து, "கடையில் இடமில்லை, அங்கேயே வையுங்கள், திங்கட்கிழமை எடுக்கிறேன்" என்றார். குடோன்காரர், "சரி, உங்க சரக்குதானே, இருக்கட்டும்" என்றார். மூட்டை ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் நோட்டீஸ் வராத நிலையில் அந்த ஒரு "சரி" போதும், பிரிவு 51இன்படி பயணம் முடிந்தது, எங்கள் உரிமையும் முடிந்தது. இங்கேயோ நோட்டீஸ் வந்து மூன்று நாள் கழித்து அந்த "சரி" சொல்லப்பட்டிருக்கிறது. ஈரோட்டிலிருந்து டெல்லிக்கு ஒரு போன் செய்திருந்தால் தீர்ந்திருக்கும். வாடகை பாக்கி என்றால் மட்டும் அதே போன் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது.

உங்கள் பயமும் தெரியும்: தவறாக நிறுத்தினால் வாங்கியவர் உங்கள் மேல் பாய்வார். அதற்கு எங்களிடம் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதி வாங்குங்கள், வாடகையையும் திரும்பும் செலவையும் வாங்குங்கள். தரத் தகராறுக்கும் விலை இறங்கியதற்கும் யாராவது நிறுத்தச் சொன்னால் தாராளமாக மறுங்கள். அதற்கு இந்த உரிமை கிடையாது. நிறுத்தியதால் விற்பனை ரத்தாவதும் இல்லை. அவர் பணம் கட்டினால் சரக்கு அவருக்கே.

ஆகவே கேட்பது இதுதான். எல்.ஆர். எண்ணோடு நோட்டீஸ் வந்த அதே மணி நேரத்தில் இறக்கும் ஊர்க் கிளைக்குத் தகவல் சொல்லுங்கள். நோட்டீஸ் நகலில் நேரம் எழுதி, முத்திரை வைத்துக் கொடுங்கள். உங்கள் எல்லா ஆபீஸ்களுக்கும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மஞ்சள் வியாபாரிகள்