பன்னிரண்டு கணினிக்கு அறுபத்து மூன்று லைசென்ஸ்: உங்கள் கூடுதல் பில் குறித்துப் புகார்

12.08.2025
கோயம்புத்தூர்

அனுப்புநர்:
மேலாளர், கணக்கு மற்றும் கணினிப் பிரிவு,
மோட்டார் பம்ப்செட் தயாரிப்பு நிறுவனம்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
எங்களுக்கு ஈ.ஆர்.பி. மென்பொருள் வழங்கிய நிறுவனம்.

பொருள்: லைசென்ஸ் தணிக்கைக்குப் பின் அனுப்பிய ரூ. 7,47,648 பில்லை ரத்து செய்யவும், 62 நேம்டு சீட்களை 20 கன்கரண்ட் சீட்களாக மாற்றித் தரவும் கோருதல்.

ஐயா,

மூன்று ஆண்டுகளாக உங்கள் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறோம். மென்பொருளின் மீது எங்களுக்குக் குறை இல்லை. அதை எங்களுக்கு விற்ற விதத்தின் மீதுதான் குறை.

வாங்கும்போது உங்கள் விற்பனைப் பிரதிநிதி எங்கள் ஆள் கணக்கைக் கேட்டார். அலுவலகத்தில் நாள் முழுக்க வேலை செய்பவர்கள் 34. மூன்று ஷிஃப்டிலும் சேர்த்து ஷாப் ஃப்ளோரில் 41. சர்வீஸ் என்ஜினியர்கள், ஒப்புதல் மட்டும் கொடுக்கும் மேலாளர்கள் என எப்போதாவது திறந்து பார்ப்பவர்கள் 21. ஆக 96 பேர். "தலைக்கு ஒரு லைசென்ஸ் சார்" என்றார். அப்படி ஆளுக்கு ஒன்றாக வரும் நேம்டு சீட் ஒன்று ரூ. 24,000 வீதம் 23,04,000 ரூபாய் கொடுத்தோம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமான ஏ.எம்.சி. 20 சதவீதம் என்பதால் ஆண்டுக்கு ரூ. 4,60,800 கட்டி வருகிறோம். ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணும் கன்கரண்ட் என்று இன்னொரு வகை லைசென்ஸ் உங்களிடமே ரூ. 42,000 விலையில் இருப்பதை உங்கள் கொட்டேஷனில் எந்த வரியும் சொல்லவில்லை. பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருக்கும் உங்கள் இன்னொரு வாடிக்கையாளர் சொல்லித்தான் இந்த ஆண்டு எங்களுக்குத் தெரிந்தது.

கடந்த மார்ச்சில் உங்கள் தணிக்கைக் குழு வந்தது. முதல் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருவரின் ஐ.டி.யில் நள்ளிரவு இரண்டு மணிக்கும் பதிவு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தோண்டிப் பார்த்ததில், பிறகு ஒப்பந்த ஊழியர்களாகச் சேர்ந்த 22 சூப்பர்வைசர்கள் மற்றவர்களின் ஐ.டி.யில் வேலை செய்வது தெரிந்தது. இது ஒப்பந்த மீறல்தான், மறுக்கவில்லை. எங்களுக்கே அது தலைவலியாகவும் இருந்தது. ஏப்ரலில் ஒரு லாட் காஸ்டிங்கை யாரோ "சரி" என்று பாஸ் செய்துவிட்டார்கள். ஐ.டி.க்குச் சொந்தக்காரர் அன்று திருச்செந்தூரில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தார். யாரைக் கேட்பது?

எனவே 22 பேருக்கும் தனித்தனி ஐ.டி. வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. அதற்கு 22 நேம்டு சீட் வேண்டுமா என்பதுதான் கேள்வி. நீங்கள் வேண்டும் என்கிறீர்கள்: 22 சீட்டுக்கும் சேர்த்து ரூ. 5,28,000, முதலாண்டு ஏ.எம்.சி. ரூ. 1,05,600, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

எங்கள் ஷாப் ஃப்ளோரில் இப்போது 63 பேர் இருக்கிறார்கள். கணினிகள் 12. மூன்று ஷிஃப்டையும் ஒரே நேரத்தில் வரவழைத்தாலும் பன்னிரண்டு பேருக்கு மேல் உட்கார நாற்காலி கிடையாது. உங்கள் தணிக்கைக் குழு இந்த ஃப்ளோரில் இரண்டு நாள் நடந்தது. ஆட்களை எண்ணினார்கள், கணினிகளை எண்ணவில்லை.

நாங்கள் எண்ணினோம். ஏப்ரல் முதல் ஜூன் வரை உங்கள் மென்பொருளே வைத்திருக்கும் செஷன் பதிவை எடுத்து, ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று பார்த்தோம். உள்ளே வருவதற்கு ஒன்று கூட்டி, வெளியே போவதற்கு ஒன்று கழித்துக்கொண்டே போனால் போதும். எங்கள் கணினிப் பிரிவுப் பையன் எழுதியது இது:

```sql
SELECT t, SUM(d) OVER (ORDER BY t, d) AS live
FROM (
  SELECT login_at AS t, 1 AS d FROM session_log
  UNION ALL
  SELECT last_action_at, -1 FROM session_log
) x
ORDER BY live DESC LIMIT 20;
```

இதில் `logout_at` நெடுவரிசையை எடுக்காமல் `last_action_at` எடுத்ததற்குக் காரணம் உண்டு. முதலில் `logout_at` வைத்துத்தான் பார்த்தோம். உச்சம் 63 என்று காட்டியது, அதுவும் ஜூன் 10ஆம் தேதி பிற்பகல் இரண்டரை மணிக்கு. 10ஆம் தேதி நெருக்கடி புரிகிறது. ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்ய 11ஆம் தேதி கடைசி நாள், அலுவலகத்தில் 34 பேரும் உள்ளே இருப்பார்கள். ஆனால் அன்று ஃப்ளோரில் 12 கணினியில் 23 பேர் இருப்பதாகப் பதிவு சொன்னது. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுகிறது. போகிறவர் லாக்அவுட் செய்யாமல் பிரவுசரின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அவர் செஷன் இன்னும் இரண்டு மணி நேரம் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் வைத்திருக்கும் டைம்அவுட் 120 நிமிடம். வீட்டுக்குப் போய் முகம் கழுவும்வரை அவர் ஒரு சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கடைசியாக வேலை செய்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டபோது உச்சம் 52: அலுவலகம் 34, ஃப்ளோர் 12, எப்போதாவது வருபவர்களில் 6. மூன்று மாதத்தில் இதைத் தாண்டவே இல்லை.

அடுத்தது விலை. கன்கரண்ட் சீட்டின் விலை நேம்டு சீட்டைப் போல 1.75 மடங்கு. அப்படியானால் ஒரு கன்கரண்ட் சீட்டை இரண்டு பேராவது மாறி மாறிப் பயன்படுத்தினால்தான் அது லாபம். அலுவலகத்து 34 பேர் காலையில் உள்ளே போனால் மாலையில்தான் வெளியே வருகிறார்கள், அவர்களுக்கு நேம்டுதான் சரி. எல்லோரையும் கன்கரண்டுக்கு மாற்றலாம் என்று எங்கள் இயக்குநர் முதலில் சொன்னார். 52க்கு மேல் கொஞ்சம் கையிருப்பு வைத்து 58 சீட் போட்டால் ரூ. 24,36,000 ஆகிறது. இப்போது வைத்திருப்பதைவிட அதிகம். மீதி 84 பேர் கதை வேறு. அவர்களின் உச்சம் 18, கையிருப்போடு 20. தலைக்குக் கணக்கிட்டால் ஒரு சீட்டை நான்கு பேருக்கு மேல் பகிர்கிறார்கள்.

ஆகவே 34 நேம்டு சீட்டுக்கு ரூ. 8,16,000, 20 கன்கரண்ட் சீட்டுக்கு ரூ. 8,40,000, மொத்தம் ரூ. 16,56,000. உங்கள் வழியில் 118 பேருக்கும் நேம்டு வாங்கினால் ரூ. 28,32,000.

இதைச் சொன்னபோது ஜூலையில் 20 கன்கரண்ட் சீட்டைச் சோதனைக்குக் கொடுத்தீர்கள், நன்றி. மூன்றாம் நாள் நடந்ததை உங்கள் சேவை மையப் பதிவிலேயே பார்க்கலாம். பிற்பகல் 2.20க்கு டெஸ்பாட்ச் கணினியில் `Maximum concurrent users reached` என்று வந்தது. வாசலில் சரக்கு ஏற்றிய லாரி. இன்வாய்ஸ் போட முடியவில்லை, இன்வாய்ஸ் இல்லாமல் இ-வே பில் இல்லை. லாரிக்காரர் எங்கள் வாட்ச்மேனிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. உள்ளே யார் யார் என்று பார்த்தால் புது ஷிஃப்ட் ஆட்கள் 9, சர்வீஸ் என்ஜினியர்கள் 2, வீட்டுக்குப் போய்விட்ட முதல் ஷிஃப்ட் ஆட்கள் 9. உங்கள் சேவை மையத்தில் கிடைத்த பதில்: "இன்னும் பத்து சீட் வாங்கிக்கொள்ளுங்கள்." டைம்அவுட்டைக் குறைக்கச் சொன்னோம். அது கஸ்டமைசேஷன், ரூ. 35,000 ஆகும் என்றார்கள். ஒரு செட்டிங்கில் 120ஐ அழித்து 15 என்று போடுவதற்கு.

மறுநாள் நாங்கள் ஷிஃப்ட் ஒப்படைப்பு நோட்டில் "லாக்அவுட்" என்று பேனாவால் ஒரு கட்டம் போட்டோம். போகிறவர் லாக்அவுட் செய்ததை வருகிறவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மீதி 27 நாளும் எண்ணிக்கை 19ஐத் தாண்டவில்லை. டைம்அவுட் அப்போதும் 120தான்.

உண்மையைச் சொன்னால் டைம்அவுட்டை மட்டும் குறைத்தால் போதாது. ஷிஃப்ட் மாறும் கால் மணி நேரத்தில் நெரிசல் இருக்கவே செய்யும், அதற்கு லாக்அவுட் பழக்கம்தான் மருந்து. எல்லோருக்கும் 15 நிமிடம் என்று வைப்பதும் ஆகாது. ஸ்டோர்ஸில் சரக்கு வரவு பதிகிறவர் பாதி பதிந்துவிட்டு காஸ்டிங்கை எண்ண எழுந்து போவார். இருபது நிமிடம் கழித்து வந்தால் பதிந்தது போயிருக்கும். அவர்களுக்கு மட்டும் 30 வேண்டும்.

நாங்கள் கேட்பவை இவைதான். 22 சீட்டுக்கான பில்லை ரத்து செய்யுங்கள். 62 நேம்டு சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு 20 கன்கரண்ட் சீட் கொடுங்கள். அந்த 62க்கு நாங்கள் கொடுத்தது ரூ. 14,88,000, புதிதாக வாங்குவது ரூ. 8,40,000. மீதம் ரூ. 6,48,000ஐ ரொக்கமாகத் திருப்பித் தரக் கேட்கவில்லை. பாதியையாவது, அதாவது ரூ. 3,24,000ஐ, அடுத்த ஏ.எம்.சி.யில் கழித்துக்கொள்ளுங்கள். புதிய கணக்கில் ஏ.எம்.சி. ரூ. 3,31,200 ஆவதால் அது ஏறத்தாழ ஓராண்டுக்குச் சரியாகப் போகும்.

டைம்அவுட்டைப் பிரிவு வாரியாக மாற்றவும், தொங்கி நிற்கும் செஷனை வெளியேற்றவும் எங்கள் அட்மினுக்கு அனுமதி வேண்டும். இருபதில் ஒரு சீட்டை டெஸ்பாட்சுக்கென்று ஒதுக்கி வைக்கவும் வழி செய்து தர வேண்டும். ஒப்பந்தத்தில் கன்கரண்ட் என்பதற்கு எழுதியிருக்கும் விளக்கத்தையும் திருத்துங்கள். இப்போதைய வாசகத்தின்படி ஒருவரே இரண்டு பிரவுசரில் திறந்தால் இரண்டு சீட் போகிறது. ஒரு ஐ.டி.க்கு ஒரு சீட் என்று எழுத்தில் வேண்டும்.

ஏ.எம்.சி. புதுப்பிக்க செப்டம்பர் 30 கடைசி நாள். 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில் தேவை. வராவிட்டால் 34 சீட்டுக்கான ஏ.எம்.சி.யை மட்டும் கட்டுவோம். மூன்று மாத செஷன் பதிவையும் ஒப்படைப்பு நோட்டின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மேலாளர், கணக்கு மற்றும் கணினிப் பிரிவு