ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும் முன், 100 சதவீதத்தில் ஒருமுறை பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

“கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்த படம் ஆல்பத்தில் ஏன் மங்கிவிட்டது?” என்று கல்யாண சீசனில் அடிக்கடி கேட்கிறீர்கள். பெரும்பாலும் அந்த மங்கல் எடுக்கும்போதே விழுந்தது. படத்தைத் திரைக்குள் அடக்கிப் பார்த்ததால் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

24 மெகாபிக்சல் படம் என்றால் 6000க்கு 4000 பிக்சல். சாதாரண ஃபுல் எச்டி மானிட்டரின் உயரமோ 1080தான். முழுப் படமும் தெரியும்படி வைத்தால், கிட்டத்தட்ட 14 பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாகத்தான் திரை காட்டும்.

மகால் தூண்களுக்கு முன்னால் எடுத்த ஜோடி குளோசப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேம் கேமரா, 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, இரண்டு மீட்டர் தூரம். இதில் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. ஃபோகஸ் பொண்ணு கண்ணில். மாப்பிள்ளை முகம் 5 செ.மீ. பின்னால். அவர் இமைமுடி சுமார் 8 பிக்சல் அகலத்துக்குக் கலைந்திருக்கும். அடக்கிய பார்வையில் அது இரண்டு பிக்சலாகச் சுருங்க, இரண்டு முகமும் ஒன்றுபோலத் தெரியும். அதே படத்தை 36 அங்குல ஷீட் முழுக்கப் போட்டால் மங்கல் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். யார் கண்ணுக்கும் படும். 4க்கு 6 பிரிண்டில் 0.2 மி.மீ.தான், தாராளமாகப் போடலாம்.

ஃபோட்டோஷாப்பில் Ctrl+1 அழுத்தினால் 100 சதவீதம், Ctrl+0 அழுத்தினால் மீண்டும் முழுப் படம். முதலில் கண்ணைப் பாருங்கள். கண் மங்கி, மாலையோ பின்னால் உள்ள தூணோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. சீரியல் விளக்குகள் எல்லாம் ஒரே பக்கம் கோடாக இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. தாலி கட்டும் கை மட்டும் கலைந்திருந்தால் அது அசைவு. அதை நாங்கள் கழிப்பதில்லை.

மானிட்டரும் ஏமாற்றும். அதன் மெனுவில் ஷார்ப்னெஸ்ஸை ஏற்றி வைத்திருந்தால், சாம்பல் பின்னணியில் உள்ள கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோடு மறையும்வரை குறையுங்கள். அதிக வெளிச்சமும் கான்ட்ராஸ்ட்டும்கூட மங்கலைக் கூர்மையாகக் காட்டும். கடையில் உள்ள திரையை 120 கேண்டெலா, 6500 கெல்வின், காமா 2.2 என்று அளவுகருவி வைத்துச் சரிசெய்திருக்கிறோம். விண்டோஸில் டிஸ்ப்ளே ஸ்கேல் 125 என்று இருந்தால் சில மென்பொருள்கள் 100 சதவீதப் படத்தையும் ஊதிக் காட்டும், நல்ல படமும் மெத்தென்று தெரியும். பார்க்கும் நேரத்துக்கு மட்டும் 100க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரிசப்ஷன் படங்களில் 100 சதவீதத்தில் தெரியும் மணல் மணலான புள்ளி, மங்கல் ஆகாது. 24 அங்குல மானிட்டரில் அந்தப் பார்வை ஐந்தடிக்கு மேல் அகலமான பிரிண்டை முகத்துக்கு நேரே பிடிப்பதற்குச் சமம். இமைமுடி தனித்தனியாகத் தெரிந்தால் போதும், புள்ளியைப் பார்த்துப் படத்தை ஒதுக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்தச் சோதனை செல்லாது, அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. ஒரிஜினல் ஃபைல்களைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். 36 அங்குல ஷீட்டுக்கு நினைத்திருக்கும் படங்களின் ஃபைல் எண்ணை மட்டும் தனியாகக் குறித்து வந்தால், அவற்றைக் கடைத் திரையில் சேர்ந்து பார்த்துவிடலாம்.