ஓரத்து எண்ணும் உள்ளே இருக்கும் வரியும்

ஆசிரியருக்கு,

வேர்டு மென்பொருளில் ஆவணத்தின் ஓரத்தில் வரி எண் போடுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். Layout பக்கம் போய் Line Numbers-ஐத் திறந்து Restart Each Page-ஐத் தேர்ந்தால் வேலை முடிந்தது என்று கட்டுரை சொல்கிறது. அலுவலகக் குறிப்புக்கோ, நாலு பேர் கூடிப் பார்க்கும் வரைவுக்கோ அது போதும். நீதிமன்றத்துக்குப் போகும் தாளுக்குப் போதாது. நான் சென்னையில் உட்கார்ந்து கலிஃபோர்னியா வழக்கறிஞர்களுக்கு மனுத் தாள் தயாரித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வரியைச் சொல்லிக் காட்டும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் கடைசியில் '3-ஆம் பக்கம் 11-ஆவது வரியில் கிழக்கு என்பதை மேற்கு எனத் திருத்தியது சரி' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓரத்தில் எண் கிடையாது, விரலை வைத்து எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். நம் நீதிமன்றங்களில் மனுவிலும் தீர்ப்பிலும் பத்தி எண்ணே பேசும். பத்தி எண்ணுக்கு ஒரு வசதி, எழுத்தைப் பெரிதாக்கினாலும் தாளை மாற்றினாலும் 14-ஆவது பத்தி 14-ஆவது பத்திதான். வரி எண் அப்படியில்லை. அது தாளோடு ஒட்டியது, தாள் மாறினால் அதுவும் மாறும்.

கலிஃபோர்னியாவின் நீதிமன்ற விதி 2.108 இடது ஓரத்தில் வரி எண் கட்டாயம் என்கிறது. ஒவ்வொரு பக்கமும் 1-இல் தொடங்க வேண்டும். எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே கோடோ, ஓர் அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியோ வேண்டும். அங்குலத்துக்குக் குறைந்தது மூன்று எண் வர வேண்டும். வழக்கமான தாளில் 28 எண் இருக்கும். இந்த எண்களை வேர்டு எண்ணிப் போடுவதில்லை. தலைப்பகுதிக்குள் ஒரு பெட்டியில் 1 முதல் 28 வரை முன்கூட்டியே அடித்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரே வரி இருந்தாலும் 28 எண்ணும் நிற்கும். பழைய கோடு போட்ட நோட்டுத்தாள் மாதிரிதான்: கோடு அப்படியே இருக்கும், நாம்தான் அதன்மேல் எழுத வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அச்சு வேலையில் ஓர் அங்குலம் 72 புள்ளி. அங்குலத்துக்கு மூன்று எண் என்றால் எண்ணுக்கு 24 புள்ளி, 28 எண்ணுக்கு 672. அமெரிக்க லெட்டர் தாளின் உயரம் 11 அங்குலம், அதாவது 792 புள்ளி. மீதி 120-இல் மேலே ஓர் அங்குலம், கீழே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் பக்கத்தில் நீதிமன்றத்தின் பெயர் 8-ஆவது வரியில், தாளின் மேல் விளிம்பிலிருந்து மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கீழே வர வேண்டும் என்று இன்னொரு விதி. மேலே ஓர் அங்குலம் விட்டு ஏழு வரியைத் தாண்டினால் அந்த இடம் தானாகவே வந்துவிடுகிறது. விதி எழுதியவர்கள் தாளை அளந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

இனி சறுக்கும் இடங்கள். உள்ளே இருக்கும் எழுத்துக்கு வரி இடைவெளி Double என்று வைப்பார்கள், 12 புள்ளி எழுத்துக்கு இரட்டிப்பு 24 தானே என்று நினைத்து. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் வேர்டின் Double 24 அல்ல, ஏறத்தாழ 27.6. வரிக்கு 3.6 புள்ளி மிச்சம் போகிறது. ஏழாவது வரியைத் தாண்டும்போது எழுத்து எண்ணைவிட ஒரு முழு வரி கீழே இறங்கியிருக்கும். மேலே பார்த்தால் 1-க்கு நேர் 1 இருக்கிறது, சரி என்று அனுப்பிவிடுவோம். கண்டுபிடிக்கப் பக்கத்தின் அடியைப் பார்க்க வேண்டும், தலையைப் பார்த்துப் பயனில்லை. மருந்து எளிது: இடைவெளியை Exactly 24 என்று வைத்து, பத்திக்கு முன்னும் பின்னும் இடைவெளி 0 ஆக்கிவிட வேண்டும்.

மேற்கோளை ஒற்றை இடைவெளியில் தரலாம் என்று விதியே அனுமதிக்கிறது. அதற்கு Exactly 12. ஆனால் மேற்கோள் ஐந்து வரியில் முடிந்தால் 60 புள்ளி, அதாவது இரண்டரை எண். அதற்குப் பிறகு வரும் எழுத்தெல்லாம் இரண்டு எண்ணுக்கு நடுவே தொங்கும். 12 புள்ளியில் ஒரு வெற்று வரி சேர்த்தால் மீண்டும் நேராகும். வேர்டு தானாகப் போடும் எண்ணிலோ வேறு தொல்லை. அட்டவணைக்குள்ளும் அடிக்குறிப்பிலும் இருக்கும் வரிகளை அது எண்ணவே எண்ணாது. கட்டுரையில் இதையும் சொல்லியிருக்கலாம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். வழக்கை விசாரணைக்கு முன்பே முடித்துத் தரக் கேட்கும் மனுவோடு, சச்சரவில்லாத உண்மைகளைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கை வைப்பார்கள். ஒவ்வொரு உண்மைக்கும் சான்று எங்கே என்று பக்கம், வரி எண்ணோடு காட்ட வேண்டும், அதுவும் விதி. எங்களிடம் வந்த புதுப் பையன் சாட்சியின் வாக்குமூலத்தை ஏ4 தாளில், வேர்டின் எண்ணோடு தட்டச்சு செய்திருந்தான். அதைப் பார்த்து இன்னொருவர் அறிக்கையில் 6:14 என்று குறித்துவிட்டார், ஆறாம் பக்கம் 14-ஆவது வரி என்று அர்த்தம். ஏ4 நம் ஊர்ப் பழக்கம், கணினியும் அப்படித்தான் இருந்தது.

ஏ4 லெட்டர் தாளைவிட 50 புள்ளி உயரம், அதாவது இரண்டு வரி கூடுதல். 28-க்குப் பதில் 30 வரி பிடித்தது. 6:14 என்பது தொடக்கத்திலிருந்து 164-ஆவது வரி. லெட்டர் தாளுக்கு மாற்றியதும் ஐந்து பக்கத்தில் 140 வரிதான் போகும், அந்த வாக்கியம் 6:24-க்கு இறங்கிவிட்டது. அகல வித்தியாசத்தில் வரி உடைவது வேறு. 6:14-இல் இப்போது நின்றது சாட்சியின் பணி அனுபவம், தேவைப்பட்டதோ ஒரு கட்டணத் தேதி. ஒன்று தப்பினால் எல்லாமே தப்பு. நல்லவேளையாகத் தாக்கல் செய்ய முந்தின இரவு பிடிபட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை இரண்டு பேர் உட்கார்ந்து மாற்றினோம்.

அப்புறம் ஓர் ஏற்பாடு வைத்துக்கொண்டோம். வாக்குமூலம் கையெழுத்தாகி பிடிஎஃப் ஆன பிறகே அதற்கு வரி எண் குறிப்பது. அதுவரை வரைவில் வாக்கியத்தின் முதல் நான்கு சொற்களை மஞ்சளில் எழுதி வைப்போம். அச்செடுக்கும்போது தாளுக்குப் பொருத்தும் அமைப்பு எதுவாக இருந்தாலும் கவலையில்லை, சுருங்கினாலும் எண்ணும் எழுத்தும் சேர்ந்தே சுருங்கும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால் Exactly என்ற அந்த ஒரு சொல்லையும், தாளின் அளவை முதலில் பார்க்கச் சொல்லும் ஒரு வரியையும் மட்டுமாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை