குசுகுசுப்பதும் பேச்சுத்தான், மகன்

அன்பு மகனுக்கு,

நீ சுகமாக ஹற்றன் போய்ச் சேர்ந்தது நிம்மதி. வெபர் மைதானத்தில் உங்கள் ஆட்கள் கோப்பையைத் தூக்கியதும் சந்தோஷம்தான். ஆனால் நேற்றுப் போனில், "குரல் முழுசாப் போயிற்று அம்மா, தொண்டைக்கு ஓய்வு கொடுக்கத்தான் குசுகுசுத்துப் பேசுறன்" என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் தாதியாக நின்ற காலத்தில் இதே பேச்சை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

குரல்வளைக்குள் இரண்டு நாண்கள் இருக்கின்றன. நீ சும்மா பேசும்போதே அவை ஒரு செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று தட்டுப்படும். தொண்டை கிழியக் கத்தும்போது அந்தத் தட்டு பலமாக விழும், ஓரங்கள் வீங்கும். வீங்கின நாண் கனத்துப் போவதால் குரல் தடிக்கும். இரண்டும் சரியாகப் பொருந்தாததால் இடையால் காற்று கசியும். உனக்கு ஆட்டம் முடியும்போது கரகரத்து, விடிய எழும்பியபோது அடியோடு இல்லாமல் போனது இதனால்தான்.

குசுகுசுக்கும்போது நாண்கள் அதிராது என்பது உண்மை. அதனால்தான் அதை ஓய்வு என்று நினைக்கிறார்கள். ஆனால் மற்றவருக்குக் கேட்க வேண்டுமே! அதற்காகக் காற்றை அழுத்தித் தள்ளுவாய். அப்போது பலருக்கு நாண்களுக்கு மேலே உள்ள தசைகள் இறுகி நெருக்கும், தொண்டையும் காயும். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை, ஆனால் உனக்கு நடக்கிறதா என்று உள்ளே கமெரா விட்டுப் பார்க்காமல் தெரியாது. கூத்துப் பழக்கின ஒரு அண்ணாவியார் இப்படித்தான் வந்தார். அரங்கேற்றத்துக்குப் பிறகு குரல் அடைத்து, வாரக்கணக்கில் குசுகுசுத்தே பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறார். மூக்கு வழியாகக் கமெரா விட்டபோது நாண்களில் வீக்கம் வற்றியிருந்தது. ஆனால் வாயைத் திறந்தாலே மேல் தசைகள் வந்து மூடிக்கொண்டன. அந்தப் பழக்கத்தை விடுவிக்க, வாயை மூடி மெதுவாக "ம்ம்" என்று இசைப்பதில் தொடங்கி, பேச்சுப் பயிற்சியாளர் அவரை மெல்ல மெல்லத்தான் பேச்சுக்குக் கொண்டுவந்தார்.

ஆகவே இன்றும் நாளையும் வாயே திறக்காதே. அதிபருக்கு லீவுக் கடிதம் கொடு, எனக்கு வட்ஸப்பில் எழுது. மூன்றாம் நாளிலிருந்து பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெல்லிய உன் சொந்தக் குரலில் நாலு சொல் பேசு, அப்புறம் நிறுத்து. அதற்கு மேல் நாள் கணக்காக மௌனம் இருக்கத் தேவையில்லை. தொண்டையைக் கனைக்காதே, கனைக்கும்போதும் நாண்கள் மோதத்தான் செய்யும். கனைக்க வந்தால் ஒரு மிடறு தண்ணீர் விழுங்கு.

ஆவி பிடிக்கலாமா என்று கேட்டாய். தாராளமாகப் பிடி. நீ குடிக்கிற தண்ணீரும் கொத்தமல்லியும் உணவுக்குழாயால் இறங்கிவிடும், நாணில் படாது. உடம்பில் ஊறித்தான் மெதுவாக அங்கே போய்ச் சேரும். மூச்சோடு இழுக்கிற ஆவிதான் நேரே நாணைத் தொட்டு ஈரமாக்கும். ஆனால் அது வீக்கத்தை வற்றவைக்காது, வறட்சியைத்தான் தணிக்கும். வெறும் சுடுதண்ணீர் போதும், பாம் போடாதே. அதன் காரம் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் நாணை எரிச்சலாக்கும். கொதித்ததை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு, மேசையில் வைத்துப் பத்து நிமிடம் பிடி. மடியிலோ கட்டிலிலோ வைக்காதே, சரிந்து தொடை வெந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன்.

ஒன்றை யோசித்துச் சொல். ஆட்டம் முழுக்கக் கத்தக் கத்தக் குரல் படிப்படியாகக் கம்மியதா? இல்லை, ஒரே கத்தலில் சட்டென்று அறுந்ததா? படிப்படியாக என்றால் பெரும்பாலும் வீக்கம்தான், சில நாளில் வற்றும். சட்டென்று போயிருந்தால் நாணில் இரத்தக் குழாய் வெடித்திருக்கலாம். அப்படியென்றால் ஒரு சொல்லும் பேசாமல் உடனே தொண்டை டொக்டரிடம் போ. அவர் பார்க்கும்வரை அஸ்பிரினும் இபுபுரோபனும் வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும். நோவு இருந்தால் பனடோல் போடு. மூச்சு விடக் கஷ்டமாக இருந்தாலோ துப்பும்போது இரத்தம் வந்தாலோ இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

வகுப்புக்குப் போகுமுன் "ஊ" என்று மிக மெதுவாக, உயர்ந்த சுருதியில் இழுத்துப் பார். பலமாகச் சொன்னால் வருவதும் மெதுவாகச் சொன்னால் அறுவதும் வீக்கம் மிச்சம் இருப்பதற்கு அடையாளம். அப்படியென்றால் அன்று கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்து. வெள்ளிக்கிழமை "ஊ" எப்படி வந்தது என்று எனக்கு எழுது. நாலு கிழமை கழிந்தும் கரகரப்பு இருந்தால் இங்கே வா, கிளினிக்குக்கு நானே கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
அம்மா
கல்லடி