வினிகர் நீரை மட்டும் அளந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில், பாட்டிலிலும் டின்னிலும் உணவு அடைக்கும் தொழிலுக்கான சான்றிதழ்த் தேர்வுக்கு மாதிரிக் கேள்விகள் போட்டிருந்தீர்கள். அதில் ஒன்று: "இயல்பாக பிஎச் 5.4 உள்ள வெள்ளரிப் பிஞ்சு, வினிகர் நீரில் அடைத்தபின் 4.2. இது எந்த வகை?" விடை, "அமில உணவு". அதோடு விட்டிருக்கலாம். கீழே ஒரு விளக்கமும் சேர்த்திருந்தீர்கள்: "வினிகர் நீரின் பிஎச் 4.6-க்குக் கீழே இருந்தால் போதும், போட்டுலிசம் பயமில்லை." பிஎச் என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். போட்டுலிசம் என்பது உணவில் வளரும் ஒரு கிருமியின் நச்சால் வரும், உயிரையே வாங்கக்கூடிய நோய். பக்கத்தில் அலங்காரமாக ஒரு பிஎச் காகிதத்தின் படம்.

பெங்களூருக்கு வெளியே கெர்கின் என்ற சின்ன வெள்ளரியை அடைக்கும் ஆலையில், தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். கர்நாடகத்திலிருந்து கெர்கின் எவ்வளவு ஏற்றுமதியாகிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவுக்குப் போகிற சரக்கென்றால், தயாரிப்பை மேற்பார்வை செய்பவர் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ஏற்ற பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். எங்கள் ஆலைக்கு வரும் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு கோபம்.

முதலில் வகை. எலுமிச்சை, மாங்காய் போலத் தன்னிலேயே 4.6-க்குக் கீழே இருப்பது அமில உணவு. வெள்ளரி அப்படி இல்லை. அது குறைந்த அமில உணவு. அதில் வினிகரைச் சேர்த்து நாம் 4.6-க்குக் கீழே இறக்குகிறோம். இப்படி இறக்கியது அமிலமூட்டிய உணவு, அமெரிக்க விதியில் அதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. "என்னம்மா, ரெண்டும் புளிப்புதானே" என்று தங்கள் துணை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார். பழத்தில் புளிப்பைக் கடவுள் போட்டுவிட்டார், அதற்கு யாரும் கணக்கு எழுதவேண்டாம். கெர்கினில் போடுவது ஷிப்டில் இருக்கும் ஆள். அவர் எவ்வளவு வினிகர் ஊற்றினார், எவ்வளவு காய் அடைத்தார், கடைசியில் பிஎச் எங்கே நின்றது என்று எழுதி வைத்து, அந்தக் கணக்கை மூன்று ஆண்டு பாதுகாக்கவேண்டும். "அமில உணவு" என்று டிக் அடிக்கும் மாணவர் இந்தக் கணக்கே தேவையில்லை என்று நினைத்துக்கொண்டு ஆலைக்குள் வருவார்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. 4.6 என்பது ஊற்றும் வினிகர் நீருக்கான எல்லை இல்லை. காயும் நீரும் ஒன்றுக்குள் ஒன்று ஊறி, இரண்டும் ஒரே அளவுக்கு வந்தபின் நிற்கிற பிஎச்சுக்கான எல்லை. அடைத்த அன்று நீரை மட்டும் அளந்தால் 3-க்குப் பக்கத்தில் காட்டும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். அதே பாட்டிலில் ஒரு முழுக் காயை எடுத்து நடுப்பகுதியை அரைத்து அளந்தால் 5-க்கு மேல் இருக்கும். பெரிய காயில் நடுவரை அமிலம் போய்ச்சேர நாள் பிடிக்கும். அதனால் நாங்கள் நீரை வடித்துத் தனியாக அளப்போம், காயை மிக்ஸியில் அரைத்துத் தனியாக அளப்போம், பிறகு இரண்டையும் பாட்டிலில் இருந்த விகிதத்திலேயே கலந்து அளப்போம். மூன்றும் ஒன்றையொன்று நெருங்கினால்தான் ஊறல் முடிந்தது என்று அர்த்தம். எண்ணெய் இருக்கும் சரக்கென்றால் எண்ணெயைப் பிரித்துவிட்டுத்தான் அளக்கவேண்டும், இல்லாவிட்டால் மீட்டரின் முனையில் அது படிந்து பொய் சொல்லும்.

எங்கள் ஆலையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஷிப்டில் பாட்டிலின் எடையைக் கூட்டிக்காட்டக் காயை அமுக்கி அமுக்கி அடைத்துவிட்டார்கள். வினிகர் நீர் அதேதான், அதன் பிஎச்சும் அதேதான். ஆனால் காய் கூடியதால் நீருக்கு இடம் குறைந்தது, ஒவ்வொரு பாட்டிலிலும் போன அமிலம் குறைந்தது. ஊறி முடிந்தபின் எங்கள் வழக்கமான 3.8 இல்லை, 4.5-ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. உங்கள் விளக்கப்படி பார்த்தால் அந்தச் சரக்கில் குறையே இல்லை. 4.6 எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் போனதால் நாங்கள் மொத்தத்தையும் நிறுத்தி வைத்தோம். நிர்வாகம் என்னைத் திட்டியது வேறு கதை.

அந்தக் காகிதம் பற்றியும் ஒன்று. முடிவான பிஎச் 4.0 அல்லது அதற்குக் கீழே என்றால் நிறம் மாறும் காகிதத்தை விதி ஒப்புக்கொள்கிறது. 4.0-க்கு மேலே போனால் மீட்டர்தான். நீங்களே 4.2 என்று கேள்வி போட்டுவிட்டு, பக்கத்திலேயே காகிதத்தின் படம் போட்டிருக்கிறீர்கள். ஒரே சதுரத்தில் இப்படி முரண்பட ஒரு திறமை வேண்டும்.

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் உங்கள் இதழுக்கு இது புதிதில்லையே! முன்பு சமையல் பகுதியில், பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து மூடி, அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கலாம் என்று ஒரு குறிப்பு வந்தது. பூண்டு குறைந்த அமிலப் பொருள். எண்ணெய் காற்றை மறைத்துவிடுகிறது. காற்றில்லாத, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான இடம்தான் போட்டுலிசத்தைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமிக்கு வேண்டியது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் உணவகம் ஒன்றில் சாப்பிட்ட 30-க்கும் மேற்பட்டவர்களுக்கு, எண்ணெயில் இருந்த பூண்டால் இதே போட்டுலிசம் வந்தது. அன்று எழுதிய கடிதத்தை நீங்கள் "நல்ல குறிப்பு, நன்றி" என்ற இரண்டே வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள். நன்றி சொன்னது நான் இல்லை.

அப்புறம் "நன்றாகக் கொதிக்கவைத்தால் எல்லாக் கிருமியும் சாகும்" என்று ஒரு மருத்துவக் குறிப்பு. நம் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் போட்டுலினத்தின் வித்துகள் 100 டிகிரியிலேயே மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அவற்றைக் கொல்ல அழுத்தத்தில் வைத்து 121 டிகிரிக்குக் கொண்டுபோகவேண்டும், குறைந்த அமில உணவுக்கு ஆலைகள் ரெட்டார்ட் என்ற அழுத்தக் கலன் வைத்திருப்பது அதற்காகத்தான். அமிலமூட்டிய கெர்கினுக்குக் குறைந்த சூடு போதுமானது, ஏனென்றால் 4.6-க்குக் கீழே வித்து முளைக்காது. அந்த மிதமான சூடு ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் தீர்க்கத்தான். பூஞ்சை பிழைத்து வளர்ந்தால் அமிலத்தைத் தின்று பிஎச்சை மேலே ஏற்றிவிடும், பிறகு வித்துக்கு வழி திறந்துவிடும். நச்சு இருக்கும் பாட்டில் உப்பியிருக்கவேண்டும், நாறவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இதையும் ஒரு இதழில் தலைகீழாகப் போட்டீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே வேலைவாய்ப்புப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், விடை "அமிலமூட்டிய உணவு" என்றும், 4.6 என்பது ஊறி முடிந்த உணவின் பிஎச் என்றும் ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் அந்தக் காகிதத்தின் படத்தை எடுத்துவிட்டு மீட்டரின் படத்தைப் போடுங்கள். இந்த முறை கடிதத்தைச் சுருக்குவதானால் என் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள், எண்களைத் தொடாதீர்கள்.

தங்கள்,
பழைய சந்தாதாரர்,
ஆர்.டி. நகர், பெங்களூரு